நம்ம தண்ணிக்கு ஆங்கிலம்

நான் எழுதிய எட்டு வரிக் கவிதை ஒன்று இருக்கிறது. தமிழில் அதை எழுத ஒரு சாயங்காலம் பிடித்தது. ஆங்கிலத்தில் எழுதி முடிக்கப் பதினோரு மாதம் ஆனது. இத்தனைக்கும் கவிதையும் என்னுடையது, மொழிபெயர்ப்பவனும் நானே. அர்த்தம் புரியவில்லை என்று யாரிடமும் போய்க் கேட்கவேண்டிய நிலை இல்லை.

வெளிநாட்டில் வளர்ந்த என் அக்கா மகளுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. கவிதையில் வருகிற அத்தையை அவள் சின்ன வயதில் பார்த்திருக்கிறாள். அவளுக்காகத்தான் இதைத் தொடங்கினேன். கவிதை இதுதான்:

குழாய்

கிணறு வற்றிய ஊரிலிருந்து வந்த அத்தை
எங்கள் வீட்டுக் குழாயைத் திறந்து
கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.
உங்க தண்ணி நல்லா வருது, என்றாள்.
நாங்கள் ஒன்றும் சொல்லவில்லை.
நம்ம தண்ணி என்று
சொல்லியிருக்கலாம்
என்று இப்போது தோன்றுகிறது.

வீடு நெய்வேலி டவுன்ஷிப்பில் ஒரு குவார்ட்டர்ஸ். அப்பா சுரங்கத்தில் பக்கெட் வீல் ஓட்டியவர். அத்தை அப்பாவின் தங்கை. அவள் ஊர்க் கிணறு ஏன் வற்றியது என்பதற்கு ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். கவிதை அதற்குள் போகவில்லை, நானும் போகப்போவதில்லை.

ஆனால் நெய்வேலிக்காரர்கள் இந்தக் கவிதையைப் படிக்கும்போது, எழுதாத ஒன்றும் சேர்ந்தே அவர்கள் மனதில் வந்துவிடும். ஊருக்கு அடியில் இருக்கிற தண்ணீர்தான் அது. இந்த மண்ணில் நிலக்கரி இருப்பது தெரியவந்ததே தண்ணீர் தேடப் போய்த்தான். 1930களில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் கிணறு தோண்டியபோது நீரோடு கறுப்புத் துகள்கள் மேலே வந்தன. 1956இல் சுரங்க நிறுவனம் உருவாகி, 1957இல் நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கிவைத்து, 1961இல்தான் முதல் லிக்னைட் வெளிச்சத்தைப் பார்த்தது. பழுப்பு நிலக்கரிப் படுகைக்குக் கீழே இருக்கிற நீர்த்தாங்கி சும்மா தேங்கிக் கிடக்கிற தண்ணீர் கிடையாது. அது கீழிருந்து மேல்நோக்கி ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஆறு முதல் எட்டு கிலோ வரை அழுத்திக்கொண்டிருக்கிறது. அறுபது முதல் எண்பது மீட்டர் உயரத் தண்ணீர்த் தூண் ஒன்றைத் தலைகீழாக வைத்ததுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். மேலே இருக்கிற மண்ணை வாரிவிட்டால் அந்த அழுத்தத்தைத் தாங்க எடை இருக்காது, சுரங்கத்தின் தரை பிளந்துகொள்ளும். அதனால் இரவும் பகலும் பம்பு ஓடி அந்த நீரழுத்தத்தைக் குறைத்தபடியே இருக்கவேண்டும். டவுன்ஷிப்பில் வளர்ந்த குழந்தைகளுக்கு இது பாடப்புத்தகம் படிக்காமலே தெரியும்.

அக்கா மகளுக்கு இது எதுவும் தெரியாது. என் முதல் ஆங்கில வரைவில் இதையெல்லாம் உள்ளே நுழைத்தேன். சுரங்கம் வந்தது, பம்பு வந்தது, குவார்ட்டர்ஸ் என்றால் என்ன என்ற விளக்கம் வந்தது, அத்தை எந்த வழி உறவு என்பதும் வந்தது. எட்டு வரி பத்தொன்பது வரியானது. எதுவும் தொலைந்துபோகவில்லை என்ற திருப்தியோடு அப்பாவிடம் காட்டினேன். அப்பா ஆங்கிலம் நிதானமாகப் படிப்பார். படித்து முடித்துவிட்டு, "மண்ணு நிறைய கலந்துடுச்சுடா" என்றார்.

அவர் தொழில் பேச்சு அது. நெய்வேலியில் ஒரு டன் லிக்னைட் எடுக்க ஐந்து கன மீட்டருக்கும் மேல் மண்ணை வாரிக் கொட்டியாகவேண்டும். மண்ணை வாரும்போது பெரிய யோசனை கிடையாது, வாரிக்கொண்டே போகலாம். யோசனை வேண்டியது மண்ணும் லிக்னைட்டும் சந்திக்கிற கோட்டில்தான். அந்தக் கோடு நேராக இருக்காது, மேடும் பள்ளமுமாகப் போகும். சக்கரத்தைக் கொஞ்சம் உயர்த்தி வெட்டினால் நல்ல லிக்னைட் மண்ணோடு சேர்ந்து குப்பைக்குப் போய்விடும். தாழ்த்தி வெட்டினால் களிமண் லிக்னைட்டோடு சேர்ந்து அனல்மின் நிலையத்துக்குப் போகும், சாம்பல் கூடும், கொதிகலன்காரர்கள் சத்தம் போடுவார்கள். உலகத்தில் எந்தச் சுரங்கத்திலும் இந்த இரண்டு கஷ்டமும் உண்டு. ஒன்றைக் குறைத்தால் மற்றது கூடும். இழப்பே இல்லாமல் வெட்டுவேன் என்று ஒரு ஆபரேட்டர் கிளம்பினால் அவர் அனுப்புவது முக்கால்வாசி களிமண்ணாகத்தான் இருக்கும்.

மொழிபெயர்ப்பைப் பற்றிப் பேசுகிறவர்கள் எப்போதும் இழப்பைப் பற்றியே பேசுகிறார்கள். கலப்பைப் பற்றி அவ்வளவாகப் பேசுவதில்லை. எனக்கும் அப்பா சொல்லித்தான் உறைத்தது. பத்தொன்பது வரிகளையும் தூக்கிப்போட்டுவிட்டு, கவிதையில் எதை விடலாம், எதை விடக்கூடாது என்று ஒவ்வொரு சொல்லாகப் பார்க்க ஆரம்பித்தேன்.

முதல் வரியிலேயே சிக்கல். கிணறு, வற்றிய, ஊரிலிருந்து, வந்த, அத்தை. இந்த ஐந்து சொற்களுக்கும் ஒன்று முதல் ஐந்து வரை எண் போட்டுக்கொள்ளுங்கள். இயல்பான ஆங்கிலத்தில் இதைச் சொன்னால் வரிசை ஐந்து, நான்கு, மூன்று, ஒன்று, இரண்டு என்று வரும். அத்தை முதலில், அவள் வந்தது அடுத்து, ஊர் அதற்கடுத்து, கிணறு வற்றியது கடைசியில். ஏறக்குறைய கண்ணாடியில் பார்த்த பிம்பம். சங்கக் கவிதைகளை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோன ஏ.கே. ராமானுஜன் இதைத்தான் எடுத்துக்காட்டினார். 1967இல் குறுந்தொகைப் பாடல்களின் தொகுப்பை ஆங்கிலத்தில் வெளியிட்ட அவர், தமிழ்த் தொடரின் அடுக்கு ஆங்கிலத் தொடருக்குக் கண்ணாடிப் பிம்பம்போல் அமைந்திருப்பதைப் பின்னர் ஒரு கட்டுரையில் சொல்லுக்குச் சொல் எண்போட்டு விளக்கினார்.

இது தமிழின் தனிக் குணம் என்று நினைத்துப் பெருமைப்பட வேண்டாம். ஜோசப் கிரீன்பர்க் 1963இல் முப்பது மொழிகளை எடுத்து ஒப்பிட்டபோது, வினைச்சொல்லைக் கடைசியில் வைக்கிற மொழிகளில் மற்ற உறுப்புகளும் பெரும்பாலும் அதே திசையில் அடுக்கப்படுவதைக் கண்டார். 'ஊரிலிருந்து' என்பதில் 'இருந்து' பின்னால் வருகிறது. 'கிணறு வற்றிய ஊர்' என்பதில் ஊரைப் பற்றிய விவரம் ஊருக்கு முன்னால் வருகிறது. ஜப்பானியத்திலும் துருக்கியிலும் இதே கதைதான். ஆங்கிலத்தில் இவை எதிர்த்திசை. ஆக முதல் வரியில் நான் மோதியது ஒரு சொல்லோடு இல்லை, மொழியின் எலும்போடு.

இதனால் கவிதைக்கு என்ன நஷ்டம்? தமிழில் வாசகர் முதலில் காண்பது வற்றிய கிணறு. அத்தை யார் என்று தெரிவதற்கு முன்பே அவளுடைய வறட்சி வந்து நிற்கிறது. ஆங்கிலத்தில் அத்தை வந்து உட்கார்ந்த பிறகுதான் கிணறு தெரிகிறது. வரிசையைக் காப்பாற்றிப் பார்த்தேன். 'ஃப்ரம் எ வில்லேஜ் ஹூஸ் வெல் ஹேட் கான் ட்ரை கேம் மை ஆன்ட்' என்று எழுதலாம், இலக்கணப் பிழை கிடையாது. ஆனால் அது நூறு வருஷத்துக்கு முந்தைய ஆங்கிலப் பாடநூல் தொனி. பஸ்ஸில் பையைத் தூக்கிக்கொண்டு வந்த அத்தை அந்தத் தொனியில் வரமாட்டாள். வரிசையைக் காப்பாற்றி ஆளை இழப்பதா, ஆளைக் காப்பாற்றி வரிசையை இழப்பதா? வரிசையை விட்டேன்.

விட்டதும் ஒரு ஆச்சரியம் நடந்தது. ஆங்கிலத்தில் கிணற்றுக்கும் 'வெல்', நன்றாக என்பதற்கும் 'வெல்'. அத்தை சொன்னதை 'யுவர் வாட்டர் ரன்ஸ் வெல்' என்று எழுதியதும், வற்றிப்போன கிணறு அவள் வாயிலிருந்தே திரும்ப வந்துவிட்டது. நான் தேடிப் போகாத சிலேடை. இதை வைத்துக்கொள்ளலாமா கூடாதா என்று ரொம்ப நாள் யோசித்தேன். கிடைத்த லாபமும் ஒருவகைக் களிமண்தானே, தமிழில் அத்தை சிலேடை பேசவில்லையே என்று ஒரு பக்கம் தோன்றியது.

பிறகுதான் தமிழில் நான் கவனிக்காமல் போட்டிருந்த வேறொன்று கண்ணில் பட்டது. முதல் வரியில் 'வந்த அத்தை', நான்காம் வரியில் 'தண்ணி நல்லா வருது'. அத்தையும் வருகிறாள், தண்ணியும் வருகிறது. தமிழில் தண்ணீர் குழாயில் 'வரும்', 'தண்ணி வந்துருச்சா' என்பது தெருவுக்குத் தெரு கேட்கிற கேள்வி. ஆங்கிலத்தில் தண்ணீர் ஓடும். 'கம்ஸ் வெல்' என்று எழுதினால் அத்தைக்கு ஆங்கிலம் தெரியாததுபோல ஆகிவிடும், அவள் பேசியது சுத்தமான தமிழ். ஆக இந்த வருகிற எதிரொலி ஆங்கிலத்தில் செத்துப்போகிறது. அதே இரண்டு வரிகளுக்கு நடுவே 'வெல்' என்கிற வேறு எதிரொலி பிறக்கிறது. ஒன்று போன இடத்தில் இன்னொன்று, அதே தூரத்தில். இந்தக் கணக்கு எனக்குச் சரியாகப் பட்டது. அத்தைக்கு அந்தச் சிலேடை கேட்காது, வாசகருக்கு மட்டும் கேட்கும். வைத்துக்கொண்டேன்.

சில இழப்புகளுக்கு இவ்வளவு யோசனைகூடத் தேவைப்படவில்லை. அத்தை 'தண்ணி' என்கிறாள், தண்ணீர் என்று சொல்லவில்லை. பேச்சுத் தமிழுக்கும் எழுத்துத் தமிழுக்கும் நடுவே இருக்கிற அந்த வாசற்படி ஆங்கிலத்தில் கிடையாது. 'வாட்டர்' ஒன்றுதான். கொச்சை ஆங்கிலம் போட்டு ஈடுகட்டலாம் என்றால், அத்தை வேறு தேசத்துக் கிராமத்துக்குக் குடிபோய்விடுவாள். விட்டுவிட்டேன். 'அத்தை' என்ற சொல்லில் மட்டும் ஆங்கிலம் தமிழைவிடத் தெளிவாக வந்தது. 'ஆன்ட்' என்றால் யாரும் இருக்கலாம். ஆனால் 'மை ஃபாதர்ஸ் சிஸ்டர்' என்று எழுதினால் மாமியாரோ மாமன் மனைவியோ இல்லை, அப்பாவோடு பிறந்தவள் என்று அறுத்துச் சொல்லிவிடுகிறது. ஒரே வீட்டில் பிறந்த இருவரில் ஒருவருக்குக் குழாய், ஒருத்திக்கு வற்றிய கிணறு. தமிழ்ப் பிரதியில் இல்லாத கூர்மை அது.

உண்மையான கஷ்டம் மூன்று சிறிய சொற்களில் இருந்தது. எங்கள், உங்க, நம்ம.

ரோமன் யாகப்சன் என்ற மொழியியலாளர் 1959இல் மொழிபெயர்ப்பைப் பற்றி எழுதிய சிறு கட்டுரையில் ஒரு அடிப்படையான வித்தியாசத்தைச் சொன்னார். எந்த மொழியிலும் எதையும் எப்படியாவது சொல்லிவிட முடியும். மொழிகள் வேறுபடுவது, எதைச் சொல்லாமல் தப்பிக்கவே முடியாது என்பதில். ஆங்கிலத்தில் 'வி' என்று சொல்கிறவர், எதிரில் இருப்பவரையும் சேர்த்துக்கொண்டாரா என்பதைச் சொல்லாமல் இருக்கலாம். தமிழில் அந்த வசதி கிடையாது. 'நாம்' என்றால் நீயும் சேர்த்தி, 'நாங்கள்' என்றால் நீ வெளியே. வாயைத் திறந்தால் ஏதாவதொரு பக்கம் நின்றாகவேண்டும். சாப்பிட உட்கார்கிற வீட்டுக்குள் ஒருவர் நுழையும்போது 'நாங்க சாப்பிடப் போறோம்' என்பதற்கும் 'நாம சாப்பிடப் போறோம்' என்பதற்கும் நடுவே ஒரு இலை இருக்கிறது.

உலக மொழிகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குக்கு இந்தப் பிரிவு உண்டு. தெலுங்கில், மலையாளத்தில் இருக்கிறது. இந்தோ ஆரிய மொழிகளான மராத்தியிலும் குஜராத்தியிலும்கூட இருக்கிறது, பக்கத்து வீட்டுத் திராவிட மொழிகளின் பழக்கம் ஒட்டிக்கொண்டிருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். ஐரோப்பியர்களுக்கு இது முதலில் விசித்திரமாகத்தான் இருந்திருக்கும். தென்னமெரிக்காவின் கெச்சுவா மொழிக்கு 1560இல் இலக்கணம் எழுதிய தொமிங்கோ தெ சாந்தோ தொமாஸ் என்ற பாதிரியார் இதைப் பதிவுசெய்தார். பாதிரியார்களுக்கு இது ஜெபம் சம்பந்தப்பட்ட காரியம். கடவுளை நம்முடைய தந்தையே என்று தமிழில் கூப்பிட்டால் கடவுளே கடவுளுக்கு மகனாகிவிடுவார். அதனால்தான் தமிழ்ச் சர்ச்சுகளில் அந்த ஜெபத்தில் 'எங்கள்' என்று வருகிறது.

இப்போது கவிதைக்கு வாருங்கள். 'எங்கள் வீட்டுக் குழாய்' என்று நான் எழுதும்போது அத்தையும் வெளியே நிற்கிறாள், வாசகரும் வெளியே நிற்கிறார். அத்தை 'உங்க தண்ணி' என்கிறாள், அவளே தன்னை வெளியே நிறுத்திக்கொள்கிறாள். 'நாங்கள் ஒன்றும் சொல்லவில்லை' என்பதில் கதவு இன்னும் சாத்தியபடியே இருக்கிறது. 'நம்ம' என்ற ஒரு சொல்லில்தான் கதவு திறக்கிறது, அதுவும் சொல்லாமல் போன சொல்லாக. இந்தக் கவிதை என்றால் அதுதான். மற்ற எல்லாவற்றையும் இழக்கலாம். இதை இழந்தால், தண்ணீர் நன்றாக வருவதாக யாரோ பாராட்டினார்கள், நாங்கள் நன்றி சொல்லவில்லை என்கிற அளவில் நின்றுவிடும்.

நான் முதலில் எழுதிய ஆங்கிலத்தில் அப்படித்தான் ஆனது. 'வி செட் நத்திங். வி குட் ஹேவ் செட் அவர் வாட்டர்.' அக்கா மகள் படித்துவிட்டு போனில் கேட்டாள்: "ஏன் மாமா, அத்தப் பாட்டிகிட்ட இது எங்க தண்ணின்னு சண்டை போட்டிருக்கணும்னு சொல்றீங்களா?" நேர் எதிரான அர்த்தம். 'அவர் வாட்டர்' என்றால் ஆங்கிலத்தில் எங்கள் தண்ணீர் என்றும் இருக்கலாம், நம் தண்ணீர் என்றும் இருக்கலாம். உங்க தண்ணி என்று ஒருத்தி சொன்னதற்குப் பதிலாக வரும்போது அது உரிமை கொண்டாடுவதாகவே காதில் விழுகிறது. பிழை நடந்தது எப்படித் தெரியும் என்று கேட்டால் இதுதான் பதில்: தமிழ்ப் பிரதியைப் படிக்காத ஒருவரைப் படிக்கச் சொல்லி, கவிதை சொல்வது என்ன என்று அவர் வாயால் கேட்கவேண்டும். நானே படித்துப் பார்த்தவரை எனக்கு எந்தக் குறையும் தெரியவில்லை. ஆங்கில 'அவர்' மேல் என் காது தமிழ் 'நம்ம'வைத் தானாகப் போட்டுப் படித்துக்கொண்டிருந்தது. சொந்தக் கவிதையை மொழிபெயர்க்கிறவனுக்கு உள்ள பெரிய ஆபத்து இந்தக் காதுதான். அடுத்தவர் கவிதை என்றால் சந்தேகப்பட்டு அகராதியைப் புரட்டுவோம்.

'நாங்கள்' என்பதற்கு வழி சீக்கிரம் கிடைத்தது. 'வி, தி டவுன்ஷிப் பீப்பிள்' என்றெல்லாம் எழுதிப் பார்த்து, அப்பாவின் களிமண் ஞாபகம் வந்து அடித்தேன். பிறகு தலைகளை எண்ணினேன். அன்றைக்குச் சமையலறையில் நின்றது அப்பா, அம்மா, நான். 'தி த்ரீ ஆஃப் அஸ் செட் நத்திங்.' அறையில் நான்கு பேர் இருக்கும்போது மூன்று பேர் என்று எண்ணினால் நான்காவது ஆள் தானாக வெளியே போய்விடுகிறாள். தமிழ் பிரதிப்பெயரால் செய்வதை ஆங்கிலம் கணக்கால் செய்கிறது. விளக்கம் எதுவும் சேர்க்கவேண்டியிருக்கவில்லை.

'நம்ம' மட்டும் நகரவில்லை. 'யுவர்ஸ் அண்ட் அவர்ஸ்' என்றால் பத்திர ஆபீஸ் பாஷை. 'ஆல் ஆஃப் அவர்' என்றால் ஊர்வலக் கோஷம். நான்கைந்து மாதம் கவிதை அப்படியே கிடந்தது. ஒருநாள் ஆங்கிலப் பிரதியில் உடைமைச் சொற்களை மட்டும் பென்சிலால் வட்டம் போட்டுப் பார்த்தேன். 'அவர் டேப்', 'யுவர் வாட்டர்'. ஊர்க் கிணற்றுக்கு வட்டம் விழவில்லை, ஏனென்றால் அதை 'தி வெல்' என்று எழுதியிருந்தேன். அவளுடைய கிணறு என்றோ அவர்களுடைய கிணறு என்றோ எழுதத் தோன்றவில்லை. ஊர்ப் பொதுக்கிணறு, அதற்கு 'தி'தான் வரும்.

தமிழில் இல்லாத சொல் அது. ஆங்கிலம் கற்றுக்கொள்கிற தமிழர்கள் எல்லோரும் தடுக்கி விழுகிற இடம். நாற்பது வருஷம் ஆங்கிலம் எழுதியவர்கள்கூட 'தி' போடுவதா வேண்டாமா என்று ஒரு நொடி நிற்பார்கள். அந்தச் சொல்லை எடுத்துக் கடைசி வரியில் வைத்தேன். 'குட் ஹேவ் செட் தி வாட்டர்.' உங்கள் தண்ணீர் என்றாள், வெறும் தண்ணீர் என்று சொல்லியிருக்கலாம். யாருடையது என்ற பேச்சையே எடுத்துவிட்டால் எல்லோருக்கும் பொதுவாகிவிடுகிறது, ஊர்க் கிணறு பொதுவாக இருந்ததுபோல. எங்கள், உங்க, நம்ம என்று தமிழ் மூன்று படி நடந்த இடத்தில் அவர், யுவர், தி என்று ஆங்கிலமும் மூன்று படி நடக்கிறது.

இழப்பு இல்லை என்று சொல்லமாட்டேன். 'நம்ம'வில் சூடு இருக்கிறது. நம்ம வீடு, நம்ம புள்ளை என்பதில் இருக்கிற, தோளில் கைபோடுகிற சொல் அது. 'தி' யார் தோளிலும் கைபோடாது, உரிமைப் பலகையைக் கழற்றிவைப்பதோடு அதன் வேலை முடிந்தது. அத்தையை உள்ளே கூப்பிடுவதற்கும் கதவையே கழற்றிவிடுவதற்கும் வித்தியாசம் உண்டு. ஆனால் அவள் வெளியே நிற்கிறாள், நிற்கவேண்டிய அவசியம் இல்லை என்ற கணக்கு இரண்டிலும் ஒன்றாகவே வருகிறது. சூட்டை விட்டுக்கொடுத்துக் கணக்கைக் காப்பாற்றினேன்.

அடுத்த சிக்கலை நான் எதிர்பார்க்கவே இல்லை. 'சொல்லியிருக்கலாம்.' யார் சொல்லியிருக்கலாம்? தமிழில் எழுவாய் இல்லை, 'லாம்' என்ற விகுதியில் ஆணா பெண்ணா, ஒருவரா பலரா என்ற அடையாளமும் இல்லை. நாங்கள் வாயைத் திறந்து நம்ம தண்ணிதானே என்று சொல்லியிருக்கலாம். அல்லது அத்தையே உங்க என்று பிரிக்காமல் நம்ம என்று சொல்லியிருக்கலாம். அம்மாவிடம் கேட்டேன். "நாமதான் சொல்லியிருக்கணும்" என்றாள். அப்பா, "அவ என்ன, வேத்தாளா? அவ சொல்லியிருக்கலாம்" என்றார். நாற்பது வருஷமாக ஒரே வீட்டில் இருக்கிறவர்கள் ஒரே சொல்லை இரண்டு விதமாகப் படித்திருக்கிறார்கள். எழுதும்போது எனக்குத் தெரிந்தே அப்படி எழுதினேனா என்றால், இல்லை. மொழி எனக்காக மறைத்துவைத்திருந்த இடம் அது.

ஆங்கிலத்தில் எழுவாய் கட்டாயம். செயப்பாட்டு வினையில் 'இட் குட் ஹேவ் பீன் செட்' என்று எழுதினால் ஆள் மறைவார், ஆனால் ஆபீஸ் சுற்றறிக்கை வாடை அடிக்கும். டைரி எழுதுகிறவர்கள் எழுவாயை விடுவதுபோல 'குட் ஹேவ் செட்' என்று மொட்டையாக விட்டேன். அக்கா மகள் தயங்காமல் 'வி' என்று படித்தாள். முந்தைய வாக்கியத்தில் 'மூன்று பேர்' இருப்பதால் ஆங்கிலக் காது அவர்களையே பிடித்துக்கொள்கிறது. ஆக அப்பாவின் வாசிப்பு ஆங்கிலத்தில் இல்லை. இதை ஏற்றுக்கொண்டதற்கு என்னிடம் ஒரு காரணம் உண்டு. இரண்டில் ஒன்று போகத்தான் வேண்டும் என்றால் அத்தைமேல் பழி விழுகிற வாசிப்பு போகட்டும். குழாய் எங்கள் வீட்டில் இருந்தது.

கடைசி வரிக்கு வந்தபோது ஆங்கிலம் தமிழைத் திருத்தியது. 'என்று இப்போது தோன்றுகிறது.' இதை ஆங்கிலத்தில் 'இட் நவ் சீம்ஸ் டு மி' என்று எழுதிப் பார்த்ததும் அசிங்கமாக இருந்தது. யாருக்குத் தோன்றுகிறது என்று ஆங்கிலம் கேட்டு வாங்கிய அந்த 'எனக்கு', எட்டு வரியும் பின்னால் நின்றுகொண்டிருந்த என்னை முன்னால் தள்ளி, வருத்தப்படுகிற நல்ல மனிதனாக்கிக் காட்டியது. தமிழில் 'தோன்றுகிறது' என்பது ஆளில்லாமல் நழுவிப் போவதால் அந்தப் பாசாங்கு எனக்கு இவ்வளவு நாள் தெரியவில்லை. ஆங்கிலத்தில் அந்த வரியை அடித்தேன். பிறகு தமிழிலும் அடித்தேன். இப்போது தமிழ்க் கவிதை ஏழு வரி, 'சொல்லியிருக்கலாம்' என்பதோடு முடிகிறது.

இந்தச் சுதந்திரம் ராமானுஜனுக்குக் கிடையாது. இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்தைய புலவரின் வரியை அவர் அடிக்க முடியாது. தாகூருக்கு இருந்தது. 1912இல் வெளிவந்த ஆங்கில கீதாஞ்சலியில் உள்ள 103 கவிதைகளில் பாதிக்குச் சற்று மேல்தான் வங்காள கீதாஞ்சலியிலிருந்து வந்தவை, மற்றவை வேறு தொகுப்புகளிலிருந்து எடுத்தவை. யாப்பும் எதுகையும் போய் எல்லாம் உரைநடையாகிவிட்டன. வேறொருவர் இதைச் செய்திருந்தால் வங்காளிகள் சும்மா விட்டிருக்கமாட்டார்கள். அருண் கொலட்கர் மராத்தியிலும் ஆங்கிலத்திலும் எழுதியவர். அவருடைய 'ஜெஜுரி' ஆங்கிலத்தில் 1970களிலேயே வந்துவிட்டது. மராத்தி 'ஜெஜுரி' வந்தது அவர் இறந்த பிறகு.

மிச்சம் இருந்தது ஊருக்கு அடியில் இருக்கிற அந்தத் தண்ணீர். அதைக் கவிதைக்குள் கொண்டுவந்தால் களிமண், விட்டால் நெய்வேலியே இல்லை. தலைப்பை மாற்றினேன். தானாகப் பொங்கிவருகிற கிணற்றுக்கு ஆங்கிலத்தில் 'ஆர்ட்டீசியன்' என்று பெயர், பிரான்சின் ஆர்ட்வா பகுதியிலிருந்து வந்த சொல். கீழிருந்து ஏதோ அழுத்திக்கொண்டிருக்கிறது என்பதை ஒரே சொல்லில் சொல்கிறது, அதுவும் கவிதைக்கு வெளியே, வாசலில் நின்று. தமிழில் தலைப்பு 'குழாய்'தான், தமிழில் அது போதும். இரண்டு மொழியிலும் தலைப்புகள் பொருந்தவேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

இப்போதைக்கு ஆங்கிலப் பிரதி இப்படி இருக்கிறது:

ஆர்ட்டீசியன்

மை ஃபாதர்ஸ் சிஸ்டர், ஃப்ரம் எ வில்லேஜ்
வேர் தி வெல் வென்ட் ட்ரை,
டர்ன்ட் ஆன் அவர் டேப்
அண்ட் வாட்ச்ட் ஃபார் எ வைல்.
யுவர் வாட்டர் ரன்ஸ் வெல், ஷி செட்.
தி த்ரீ ஆஃப் அஸ் செட் நத்திங்.
குட் ஹேவ் செட்
தி வாட்டர்.

தமிழில் 24 சொல், ஆங்கிலத்தில் 37. அக்கா மகள் இதைப் படித்துவிட்டு அத்தைக்குப் போன் போட்டு, தனக்குத் தெரிந்த தமிழில் சொல்லிக்காட்டியிருக்கிறாள். கடைசி வரி 'தண்ணின்னு சொல்லியிருக்கலாம்' என்று ஆகியிருக்கிறது. அத்தை, "தண்ணின்னுதானே சொன்னேன்?" என்று கேட்டாளாம்.

'நம்ம'வுக்கு 'தி'யைவிட நல்ல ஆங்கிலச் சொல் யாருக்காவது தோன்றினால் எழுதுங்கள். இன்னும் அச்சுக்குக் கொடுக்கவில்லை.